விருந்துக்கு ஆறு மணி நேரம் இருக்கையில் ஒற்றைத் தலையிடி: தள்ளி வைக்கும் செய்தியை எழுதுவது எப்படி

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு நான் ஒரு செய்தி அனுப்பினேன். மொத்தம் மூன்றே சொற்கள்: "இன்று யாரும் வரவேண்டாம்." மகளின் பிறந்தநாளுக்கு உறவினர்கள் வர இருந்த காலை அது. இடது கண்ணின் ஓரத்தில் பளபளவென்று ஒரு நெளிகோடு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாதி எழுத்துகள் தெரியவில்லை. எழுத முடிந்ததை எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் எழும்பிப் பார்த்தால், வாழைச்சேனையில் இருக்கும் என் பெரிய மாமி குழுவிலிருந்தே விலகியிருந்தார். "வரவேண்டாம்" என்று எங்கள் பக்கத்தில் சண்டை பிடித்தவர்கள்தான் சொல்வார்கள். அவரைச் சமாதானப்படுத்த நேரில் போய்த் தேத்தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது, அதுவும் இரண்டு தடவை.

ஒற்றைத் தலையிடி எனக்கு இருபது வருடப் பழக்கம். டாக்டர்கள் மைக்ரேன் என்கிறார்கள். வீட்டில் சமையல் அடுப்பு மூட்டும் நேரத்தில் அது தொடங்கினால் உறவினர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதை நான் பிழை விட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் இப்படியான செய்தி மூன்று விதமாகப் பிழையாக வாசிக்கப்படுகிறது. ஒருவர் அதைக் கோபம் என்று நினைப்பார். இன்னொருவர் சாட்டு என்று நினைப்பார், ஏனென்றால் தலையிடி யாருக்குத்தான் இல்லை? மூன்றாமவர் உயிருக்கு ஆபத்து என்று நினைத்து, கையில் இளநீருடன் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார். செய்தியை நிறுத்துப் பார்க்கும் தராசு இதுதான்: சாட்டு என்று தோன்றாத அளவுக்குக் கனம் இருக்க வேண்டும், யாரும் பதறி ஓடிவராத அளவுக்கு இலேசாகவும் இருக்க வேண்டும்.

கடந்த வருடம் நடந்த ஒன்றை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். தங்கையின் மகளுக்குக் கலியாணம் முடிந்து மூன்று வாரம். புதுத் தம்பதிக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் 12:30க்கு விருந்து. முப்பத்தைந்து பேர். மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் உறவினர்களும் திருக்கோவிலிலிருந்து வான் பிடித்து வர வேண்டும். வாழைச்சேனைப் பக்கத்து ஆட்கள் பஸ்ஸில் வருவார்கள். என் கணவரின் தம்பி கொழும்பிலிருந்து முதல் நாள் இரவுப் புகையிரதத்தில் ஏற்கனவே புறப்பட்டுவிட்டார். காலை 6:40க்குக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்த நெளிகோடு வந்தது.

முதல் அரை மணி நேரம்

வலி வருவதற்கு முன்பே சிலருக்குக் கண்ணில் ஒளிக்கோடுகளும் குருட்டுப் புள்ளிகளும் தோன்றும். எல்லாருக்கும் இது வருவதில்லை. வருகிறவர்களுக்குப் பொதுவாக ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். எனக்கு இருபத்தைந்து நிமிடம் அளவில் இருக்கும். ஒளிக்கோடு இல்லாதவர்களுக்கு வேறு முன்னறிவிப்புகள் இருக்கலாம்: ஓயாத கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், இனிப்பு மீது திடீர் ஆசை. உங்களுடைய அறிகுறி எது என்பதை நீங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும். செய்தி எழுதக் கிடைக்கும் நேரம் அதற்கும் வலிக்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அந்த நேரத்திலும் முதல் வேலை செய்தி எழுதுவது அல்ல, மாத்திரை. டாக்டர் உங்களுக்கு என்ன தந்திருக்கிறாரோ அதை அவர் சொன்ன நேரத்தில் எடுங்கள். வலி முற்றிய பிறகு போடும் மாத்திரை பிந்தித்தான் கேட்கும், ஏனென்றால் இந்த நோயில் இரைப்பையின் வேலையும் மந்தமாகிவிடுகிறது. "முதலில் எல்லாருக்கும் சொல்லி முடிப்போம், பிறகு மாத்திரை" என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அரை நாள் வலி கூடுதலாகக் கிடைத்தது.

இரண்டாவது வேலை, எழுதுவதற்கு இன்னொருவரைப் பிடிப்பது. இந்தக் கட்டத்தில் சிலருக்குச் சொற்களே தடுமாறும். நினைப்பது ஒன்று, கையில் வருவது வேறொன்று. எழுத முடிந்தாலும், எழுதியதைச் சரிபார்க்க முடியாது. என் மகளுக்குப் பத்தொன்பது வயது, அவளைக் கூப்பிட்டேன். நான் சொல்ல அவள் எழுதினாள், எழுதியதை மெல்லிய குரலில் திரும்ப வாசித்தாள். வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், நல்ல நாளிலேயே ஒரு செய்தியை எழுதிக் கைத்தொலைபேசியில் சேமித்து வையுங்கள். முறைப்பெயருக்கும், நிகழ்ச்சியின் பெயருக்கும், பொறுப்பாளின் பெயருக்கும் மட்டும் இடம் விட்டால் போதும். அனுப்பும்போது திரையின் வெளிச்சத்தை ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படிக் கண்ணில் கோடு தெரிந்தால், அல்லது இதுவரை இல்லாத கடும் வலி இடி விழுந்ததுபோல் ஒரே கணத்தில் வந்தால், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தால், வாய் கோணினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், அதை ஒற்றைத் தலையிடி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். செய்தியும் விருந்தும் பிறகு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் கட்டணம் இல்லை.

யாருக்கு முதலில்

மூத்தவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பது முறை. நான் அதை மீறுவதில்லை, ஆனால் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துக்கொள்கிறேன்: யார் முதலில் வீட்டை விட்டுப் புறப்படுவார்கள்? திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை கடந்து கல்லடிக்கு வர வானில் இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அவர்கள் ஒன்பதரைக்குக் கிளம்புவார்கள். வாழைச்சேனை ஆட்கள் பத்து மணிக்குப் பிறகுதான். அன்று மூத்தவர்களும் முதலில் புறப்படுகிறவர்களும் ஒரே வீட்டாராக இருந்ததால் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அப்படி அமையாவிட்டால் வழியில் ஏறப்போகிறவருக்கு முதலில் சொல்லுங்கள். பெரியவர் பத்து நிமிடம் பிந்திக் கேள்விப்பட்டால் மனவருத்தம் சின்னது. கல்முனையில் வானை நிறுத்தித் திரும்பிப் போகச் சொன்னால் அது பரம்பரைக் கதையாகிவிடும்.

சம்பந்தி வீட்டுக்குச் செய்தி மட்டும் போதாது. புதுச் சம்பந்தம், மூன்று வாரம்தான் ஆகிறது. எனவே 6:55க்கு என் கணவர் மாப்பிள்ளையின் அப்பாவை அழைத்துப் பேசினார். அழைப்பு முடிந்தவுடன் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என் பெயரில் செய்தி போனது. அழைப்பை ஆண்கள் பேசிக்கொண்டாலும் செய்தியை நான் அவருக்கு அனுப்பியது வேண்டுமென்றேதான். விருந்துக்கு அழைத்தது நான், அழைக்கப்பட்டது அவர். கணவன் வழியாக மட்டும் சொல்லி அனுப்பினால் "அவளுக்கு ஒரு வார்த்தை எழுதவும் முடியவில்லையா" என்ற கேள்வி மிஞ்சும்.

நானே குரல் பதிவு அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். வலியில் இருக்கும் குரல் கேட்பவரைப் பயப்படுத்தும். அதைக் கேட்டால் அறுபது வயது மாமி ஓட்டோ பிடித்துவிடுவார்.

செய்தி, வரி வரியாக

அன்று போன செய்தி இது:

"மச்சாள், இன்று மத்தியானம் எங்கள் வீட்டில் வைக்கவிருந்த விருந்தைத் தள்ளி வைக்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள் புறப்பட வேண்டாம். எனக்கு வழக்கமாக வரும் ஒற்றைத் தலையிடி காலையில் தொடங்கிவிட்டது. இது வந்தால் வெளிச்சமும் சத்தமும் சமையல் மணமும் தாங்க முடியாது, வாந்தியும் வரும். இருட்டறையில் படுத்தே ஆக வேண்டும். உங்களை வரவேற்று உட்காரவைக்க முடியாத நிலையில் விருந்து வைக்க எனக்கு மனம் இல்லை. இந்த நேரத்தில் சொல்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மருந்து எடுத்துவிட்டேன், பயப்பட ஒன்றும் இல்லை. வானுக்குக் கொடுத்த முற்பணம் பற்றி இவர் அண்ணாவுடன் பேசுவார். எதுவென்றாலும் மகளின் இலக்கத்துக்கு அழையுங்கள், என் தொலைபேசியை அணைத்து வைக்கிறேன். எழும்பியதும் நானே உங்களை அழைத்து, உங்களுக்கு வசதியான நாளைக் கேட்பேன்."

முறைப்பெயர் முடிந்தவுடன் விருந்து இன்று இல்லை என்ற செய்தி வந்துவிடுகிறது. நாங்கள் பழக்கத்தில் "நலமாக இருக்கிறீர்களா, பிள்ளைகள் சுகமா" என்று தொடங்குவோம். பூட்டிய திரையில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். நலம் விசாரிப்பை மட்டும் பார்த்துவிட்டு, "மத்தியானம் நேரில் பேசுவோமே" என்று தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வானில் ஏறிவிடுவார்கள்.

"ரத்து" என்ற சொல்லைப் பாருங்கள், எங்கேயும் இல்லை. பஸ்ஸை ரத்துச் செய்யலாம். புதுமணத் தம்பதியின் விருந்தை ரத்துச் செய்தோம் என்றால் பெரியவர்களுக்குக் காது சுடும். "வரவேண்டாம்" என்பதும் இல்லை, அந்தப் பாடத்தை எனக்கு வாழைச்சேனை மாமி கற்பித்துவிட்டார். "புறப்பட வேண்டாம்" என்பது பயணத்தை மட்டும் நிறுத்துகிறது, வாசல் கதவைச் சாத்துவதில்லை.

செய்தியின் உயிர் காரணம் சொல்லும் பகுதியில்தான் இருக்கிறது. "கடும் தலையிடி" என்று எழுதினால் சாட்டு. "மிகக் கடும் தலையிடி, தாங்க முடியவில்லை" என்று பெருக்கினால் பதற்றம். அளவைக் கூட்டுவதால் நம்பிக்கை கூடாது. என்ன செய்ய முடியவில்லை என்பதைச் சொன்னால் கூடும். வெளிச்சம், சத்தம், சமையல் மணம் என்ற மூன்றையும் வாசிப்பவர் தன் மனதில் ஒரு விருந்து வீட்டோடு பொருத்திப் பார்ப்பார். முப்பத்தைந்து பேர், ஓடித் திரியும் பிள்ளைகள், தாளிக்கும் மணம். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வாந்தியைக் குறிப்பிடத் தயங்காதீர்கள். தலையிடியை மதிக்காதவர்களும் எங்கள் ஊரில் வாந்தியை மதிப்பார்கள்.

"வழக்கமாக வரும்" என்ற இரண்டு சொற்கள் எதிர்ப்பக்கத்தைக் கவனித்துக்கொள்கின்றன. இது புதிதல்ல, இதற்கு மருந்து இருக்கிறது, வந்து போகும். பதற்றம் அங்கேயே அடங்குகிறது.

"எனக்கு மனம் இல்லை" என்ற வரியைத் தங்கை பிறகு குறை சொன்னாள், எழுந்து நிற்க முடியாதவளுக்கு மனம் எதற்கு என்று. நான் அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விருந்து நின்றது அவர்களை மதிக்காததால் அல்ல, மதிப்போடு நடத்த முடியாததால் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. மன்னிப்பு ஒரே தடவைதான். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டால், வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம் வரும்.

குழுவுக்குப் போவது வேறு செய்தி

சம்பந்திக்கு எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டிக் குழுவில் போடாதீர்கள். வான் முற்பணமும் உங்கள் வாந்தியும் ஒன்றுவிட்ட மச்சான்மாருக்குத் தேவையில்லை. குழுவுக்குச் சம்பந்தி வீட்டார் சரி என்று பதில் தந்த பிறகுதான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் அதை யாரோ மூன்றாம் ஆளிடமிருந்து அறிவார்கள். எங்கள் குழுவுக்கு 7:20க்கு மகள் தன் பெயரில் போட்டது:

"அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வழக்கமான ஒற்றைத் தலையிடி வந்திருப்பதால் இன்றைய விருந்து வேறொரு நாளுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அறிவித்துவிட்டோம். அம்மா மருந்து எடுத்துத் தூங்குகிறார், சத்தமும் மணமும் ஒத்துக்கொள்ளாததால் இன்று பார்க்க வருவதைத் தவிர்த்து உதவுங்கள். இரண்டு நாளில் அவரே பேசுவார். கேட்க வேண்டியது எதுவும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்."

பார்க்க வருவதைப் பற்றிய அந்த வரி இல்லாவிட்டால், மத்தியான விருந்துக்கு வர இருந்த முப்பத்தைந்து பேரும் பின்னேரம் நோய் பார்க்க வருவார்கள். ஒருவர் தைலம் கொண்டுவருவார், அதன் மணமே வலியை ஏற்றும். இன்னொருவர் கண்ணூறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போடுவார். அன்பு என்று தெரியும், ஆனால் மிளகாய்ப் புகை. பிள்ளை கேட்டுக்கொள்வதுபோல் எழுதியிருப்பதால் பெரியவர்களுக்கும் சுடவில்லை. அதையே நான் எழுதியிருந்தால் திமிர் என்றிருப்பார்கள்.

சமையலும் வந்துவிட்டவரும்

நாவற்குடாவிலிருந்து வரும் சமையல்காரருக்கு ஓர் அழைப்பு, அவ்வளவுதான். அவர் இன்னும் அரிசி போடவில்லை. கோழி வெட்டி மசாலா தடவியாகிவிட்டது. பக்கத்து வளவில் அக்கா இருக்கிறார். தாய் வழியாகப் பெண்பிள்ளைகளுக்கு வீடு வளவு கொடுக்கும் பழக்கத்தால் சகோதரிகள் வேலிக்கு வேலி இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சமையல் அங்கே மாறியது. கறியைச் சிறிய அளவில் வைத்து, தம்பதிக்குத் தங்கை வீட்டுக்கு ஓட்டோவில் அனுப்பினோம். விருந்தையே அக்கா வீட்டுக்கு மாற்றலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. அழைத்தவள் இல்லாமல் முதல் விருந்து வைப்பது சரியில்லை என்று விட்டுவிட்டோம். பிறந்தநாளாக இருந்தால் மாற்றியிருப்பேன்.

கொழும்பிலிருந்து வந்த தம்பி அதிகாலையிலேயே மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கிவிட்டார். அவருக்குச் செய்தி அனுப்புவதில் அர்த்தமில்லை. கணவர் போய் ஏற்றி வந்து அக்கா வீட்டில் விட்டார். ஏற்கனவே வந்துவிட்டவருக்கு எழுத்து இல்லை, ஆள்தான் போக வேண்டும்.

நாள் குறிப்பதில் வரும் பிழை

செய்தியிலேயே "நாளைக்கு வைத்துக்கொள்வோம்" என்று எழுதிவிட எல்லாருக்கும் ஆசை வரும். குற்ற உணர்ச்சி எழுத வைக்கும் வரி அது. மருந்து கேட்காவிட்டால் வலி நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நிற்கலாம். வலி போன பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள், துவைத்துப் போட்ட துணிபோல் கிடப்போம். தலை கனமாக இருக்கும், பேச்சில் கவனம் நிற்காது. ஒரே விருந்தை இரண்டு தடவை தள்ளி வைத்தால் அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் உதவாது. அதனால் நாள் சொல்லவில்லை, நான் அழைப்பேன் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அழைத்தேன். அப்போது இன்னொரு சிக்கல் தெரிந்தது. வைகாசி பிறந்துவிட்டது, கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கப் போகிறது. சடங்குக்காகக் கோயில் கதவு திறந்த பிறகு, அதை முடித்து வைக்கும் திருக்குளிர்த்தி வரை எங்கள் இரண்டு ஊரிலும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அடுத்த ஞாயிறு அதற்குள் விழுந்தது. நானே நாள் குறித்து அனுப்பியிருந்தால் சம்பந்தி வீட்டாருக்கு மரக்கறி விருந்தா, மறுப்பா என்ற தர்மசங்கடம் வந்திருக்கும். "உங்களுக்கு வசதியான நாள்" என்று கேட்டதால் மச்சாளே சொன்னார்: "சடங்கு முடியட்டும், அதற்குப் பிறகு வருகிறோம்."

சடங்கு முடிந்து நாள் முடிவான பிறகு நானும் கணவரும் பஸ்ஸில் திருக்கோவிலுக்குப் போய் நேரில் அழைத்தோம். தள்ளி வைத்ததைச் செய்தியில் சொல்லலாம், மறுபடி அழைப்பதைச் செய்தியில் செய்யக் கூடாது என்பது என் பிடிவாதம். மச்சாள் என் முகத்தைப் பார்த்து முதலில் கேட்டது, "இப்போது சமையல் மணம் ஒத்துக்கொள்கிறதா?" குசினியில் இறால் பொரிந்துகொண்டிருந்தது. ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தோம்.